சம்பளம் இல்லாத கையெழுத்து

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஓர் அறக்கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று அறங்காவலர்கள், ஓர் ஒருங்கிணைப்பாளர், வாடகைக்கு எடுத்த ஒரு மாடிக்கூடம். அரசுப் பள்ளியில் படிக்கும் முப்பது பிள்ளைகள் மாலையில் அங்கே வந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள், கணக்குப் படிக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் ஆறு பேர்: கல்லூரி மாணவர்கள் மூவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, வங்கி ஊழியர், போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர். யாருக்கும் சம்பளம் கிடையாது.

இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லிலேயே ஓடுகின்றன. "நாளையிலேர்ந்து வாங்க தம்பி" என்று ஒருங்கிணைப்பாளர் அக்கா சொன்னால் பணி தொடங்கிவிட்டது. தம்பி வராமல் நின்றுவிட்டால் முடிந்துவிட்டது. நல்ல நாட்களில் இதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. ஒரு நாள் தன்னார்வலர் ஒருவர் வகுப்பில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார். கீழே ஒரு வரி: 'அப்பா இல்லாத இந்தக் குழந்தைகளின் சிரிப்பு.' மறுநாள் மாலை ஒரு தாய் படியேறி வருகிறார். "எங்க வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னது யாரு?" போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டார். போடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இனி அவரை வரச்சொல்வதா வேண்டாமா, அதை யார் முடிவுசெய்வது, எப்படிச் சொல்வது என்று அறங்காவலர்களுக்கும் தெரியவில்லை.

தன்னார்வலர் ஒப்பந்தம் என்ற இரண்டு பக்கத் தாள் இந்த இடத்துக்காகத்தான் இருக்கிறது. என்ன வேலை, எப்படி நடந்துகொள்வது, எதை வெளியே சொல்லக்கூடாது, எப்படிப் பிரிவது என்ற நான்கையும் முன்கூட்டியே பேசி எழுதிவைப்பது அது.

கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல் போனால் வழக்குப் போடலாமா என்ற கேள்வி உடனே எழும். பொதுவாக முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25, பிரதிபலன் இல்லாத உடன்பாட்டைச் சில விதிவிலக்குகள் தவிர செல்லாது என்கிறது. ஒருவர் உழைப்பைத் தருகிறார், பதிலுக்குப் பணமோ பணமதிப்புள்ள எதுவுமோ பெறுவதில்லை என்றால், அந்த வாக்குறுதியை நீதிமன்றத்தில் நிறைவேற்றவைக்க இயலாது. நல்ல தன்னார்வலர் ஒப்பந்தம் இதை மறைப்பதில்லை. 'இது வேலை ஒப்பந்தம் அல்ல. இரு தரப்பும் நல்லெண்ணத்தில் ஏற்றுக்கொண்ட புரிதல்' என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறது. சில அமைப்புகள் முத்திரைத்தாளில் அடித்து, 'ஓராண்டுக்குள் நின்றால் ஐயாயிரம் ரூபாய் கட்டவேண்டும்' என்று சேர்க்க நினைப்பதுண்டு. அபராதத்துக்குப் பயந்து வருபவரைத் தன்னார்வலர் என்று சொல்ல முடியாது. அந்த வரி இருக்கும் தாளில் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

சட்டத்துக்குக் கட்டுப்படாத தாள் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதை இங்கிலாந்து வழக்கு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. மிட் சசெக்ஸ் பகுதியில் மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் மையம் ஒன்றில் சட்டம் படித்த ஒரு பெண் 2006 முதல் தன்னார்வலராக இருந்தார். அவர் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர். தீர்ப்புகளில் அவர் பெயர் வெளியிடப்படவில்லை. மையம் ஒரு கட்டத்தில் அவரை வரவேண்டாம் என்றது. உடல்நிலை காரணமாகத் தன்னிடம் பாகுபாடு காட்டினார்கள் என்று அவர் வழக்குத் தொடர்ந்தார். வழக்கு பல படிகள் ஏறி, 2012 டிசம்பரில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவர் கையெழுத்திட்ட தாளில், இந்த உடன்பாடு மரியாதையின் பேரில் மட்டுமே கட்டுப்படுத்தும், வேலை ஒப்பந்தமோ சட்டப்படி கட்டுப்படுத்துவதோ அல்ல என்று இருந்தது. அவர் பல நாட்கள் வராதபோதும் மையம் ஆட்சேபிக்கவில்லை. வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் இப்படிப்பட்ட தன்னார்வலரைக் காக்காது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமைப்புகளுக்கு இது வெற்றி. தன்னார்வலரின் பக்கம் நின்று பார்த்தால், ஊழியர் ஒருவருக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு அவருக்கு இல்லாமல் போனது. அவர் குறை நியாயமானதா இல்லையா என்ற கேள்விக்குள் போகாமலேயே கதவு மூடிக்கொண்டது. சட்டம் இப்படி ஒதுங்கி நிற்கும் இடங்களில், ஒருவரை நியாயமாக நடத்தும் பொறுப்பு முழுவதும் அந்த இரண்டு பக்கத் தாளின் மேல் விழுகிறது. அதனால் அமைப்பைக் காப்பாற்றும் வரிகள் மட்டும் அதில் இருந்தால் போதாது.

பணம் பற்றிய பத்தியில் சிறு அமைப்புகள் அதிகம் சறுக்குகின்றன. தன்னார்வலருக்குப் பேருந்துக் கட்டணமும் ஜெராக்ஸ் செலவும் தருவது நியாயம். டிக்கெட்டைக் காட்டினால் அந்தத் தொகை, அவ்வளவுதான். மாதாமாதம் கணக்குப் பார்ப்பது சிரமம் என்று 'எல்லாருக்கும் ஆயிரம்' என்று மாற்றும்போது பொருள் மாறத் தொடங்குகிறது. லண்டனில் இயங்கிய புலம்பெயர்ந்தோர் ஆலோசனை அமைப்பு ஒன்று அலுவலகப் பணி செய்த ஒரு பெண்ணுக்கு வாரம் 25 பவுண்டு, பிறகு 40 பவுண்டு, 'தன்னார்வலர் செலவு' என்ற பெயரில் கொடுத்தது. அவருக்கு உண்மையில் செலவே இல்லை. விடுப்பில் இருந்தபோதும் உடல்நலமில்லாதபோதும் அந்தத் தொகை வந்தது. 1998இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவரை ஊழியர் என்றே கொண்டது.

நம் நாட்டிலும் பெயரை வைத்துப் பொருளை முடிவுசெய்ய முடியாது என்பதற்குச் சான்று உண்டு. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குத் தருவது 'மதிப்பூதியம்' மட்டுமே, அது சம்பளமல்ல என்று வாதிடப்பட்டது. குஜராத்திலிருந்து வந்த மணிபென் வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அது ஊதியம்தான், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. அங்கன்வாடி அரசுத் திட்டம், நம் மாடிக்கூடம் சிறிய இடம், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் நீதிமன்றம் பார்ப்பது தாளில் எழுதிய சொல்லை மட்டுமல்ல, நடப்பதையும்தான். தன்னார்வலரைத் தினமும் காலை ஒன்பது முதல் ஐந்து வரை உட்காரவைத்து, லீவு கேட்டு எழுதித் தரச்சொல்லி, மாதம் பிறந்ததும் ஒரே தொகையைக் கையில் கொடுக்கும் அமைப்பு, அவரை ஊழியராகவே எடுத்துக்கொண்டு சம்பளம் தருவதுதான் நேர்மை.

பொறுப்புகள் பற்றிய பத்தியில் பெரிய சொற்கள் வேண்டாம். 'மாணவர்களின் கல்வி மேம்பாட்டுக்கு அர்ப்பணிப்புடன் உழைப்பேன்' என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கேட்க முடியாது. நம் மாடிக்கூடத்துக்கு எழுதினால் அது இப்படி இருக்கலாம்:

'செவ்வாய், வியாழன் மாலை 5.30 முதல் 7 மணி வரை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். வர முடியாத நாளில் முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்வேன். பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ பணம் வாங்கமாட்டேன். அமைப்பின் பெயரில் நன்கொடை திரட்டமாட்டேன்.'

அதற்குக் கீழேயே அமைப்பின் வாக்கு: 'முதல் நான்கு வகுப்புகளில் அனுபவமுள்ள ஒருவர் உடனிருப்பார். பேருந்துக் கட்டணம் டிக்கெட்டின்படி தரப்படும். எந்தச் சிக்கலுக்கும் ஒருங்கிணைப்பாளரை அழைக்கலாம். அவர்மேலேயே குறை என்றால் அறங்காவலர் ஒருவரை அழைக்கலாம்.' முதல் நான்கு வகுப்புகள் இரு தரப்புக்கும் பார்த்துக்கொள்ளும் காலம். அது முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, தொடரலாமா என்று பேசினால் போதும்.

விபத்து பற்றியும் ஒரு வரி தேவை. தொழிலாளர் இழப்பீடும் இ.எஸ்.ஐ.யும் ஊழியர்களுக்கானவை. சம்பளமில்லாமல் வந்து மாடிப்படியில் தவறி விழுபவர் அவற்றை நம்பியிருக்க முடியாது. குழு விபத்துக் காப்பீடு எடுக்க வசதியில்லாத அமைப்பு, வங்கிக்கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையான தன்னார்வலர்களைப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரச்சொல்லலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியம்; விபத்தில் உயிரிழந்தால் இரண்டு லட்ச ரூபாய். மருத்துவச் செலவை அது தராது, ஆகவே அதை மட்டும் காட்டி 'காப்பீடு உண்டு' என்று தாளில் எழுதிவிடக்கூடாது.

நடத்தை பற்றிய பத்தியை 'ஒழுக்கமாக நடப்பேன்' என்று முடித்துவிடுவதுதான் வழக்கம். ஒழுக்கம் என்றால் என்ன என்பதில்தான் சண்டை வரும் என்பதால் செயல்களை எழுதவேண்டும். மூடிய அறையில் ஒரு பிள்ளையுடன் தனியாக இருக்கக்கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும். அடிப்பது, காதைத் திருகுவது, சாதியையோ குடும்பத்தையோ சொல்லித் திட்டுவது கூடாது. இருட்டிவிட்டது என்று பரிவோடு ஒரு பிள்ளையை மட்டும் பைக்கில் ஏற்றி வீட்டில் விடுவதும் கூடாது; பெற்றோரை அழைக்கவேண்டும். பிள்ளைகளின் தனிப்பட்ட எண்ணுக்குச் செய்தி அனுப்பக்கூடாது. பெற்றோர் இருக்கும் குழுவில்தான் பேசவேண்டும். இவற்றில் சில கடுமையாகத் தோன்றலாம். பைக் விதியைப் பார்த்து நல்லவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த விதி அவர்களையும் சேர்த்தே காக்கிறது என்பதைத் தாளைக் கொடுக்கும்போது எடுத்துச்சொல்வது ஒருங்கிணைப்பாளரின் வேலை.

பெரியவர்களுக்குள் நடப்பதும் இந்தப் பத்தியில் அடங்கும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர் என்பதன் வரையறைக்குள் தன்னார்வமாகப் பணியாற்றுபவரையும் சேர்த்திருக்கிறது. மிட் சசெக்ஸ் பெண்ணுக்கு எட்டாமல் போன பாதுகாப்புப் போல அல்ல இது. நம் நாட்டில் சம்பளம் வாங்காத தன்னார்வலருக்கும் எழுத்துப்பூர்வமாகவே கிடைக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடத்தில் தனியாக உள்ளகக் குழு இருக்காது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம், பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள். அந்த ஒரு வரியையும் குழுவின் தொடர்பு விவரத்தையும் தாளில் அச்சிட்டுவிட்டால், தேவைப்படும் நாளில் யாரும் தேடி அலையவேண்டியதில்லை.

ரகசியக் காப்பைப் பொறுத்தவரை, பெருநிறுவன ஒப்பந்தங்களிலிருந்து நகலெடுத்த வரிகள் சிறு அறக்கட்டளைக்கு உதவுவதில்லை. 'அமைப்பின் எந்தத் தகவலையும் எவரிடமும் எக்காலத்திலும் வெளியிடமாட்டேன்' என்று எழுதினால் தன்னார்வலர் வீட்டில் போய் இன்று வகுப்பு நன்றாக நடந்தது என்றுகூடச் சொல்லமுடியாது. அவ்வளவு அகலமான விதியை யாரும் கடைப்பிடிக்கமாட்டார்கள். முக்கியமானதும் அதோடு சேர்ந்து காற்றில் போய்விடும். நம் மாடிக்கூடத்தில் உண்மையில் காக்கவேண்டியவை சிலதான்: எந்தப் பிள்ளை வருகிறது, அதன் வீட்டு நிலை, உடல்நலம், மதிப்பெண், முகவரி, பெற்றோர் போன் எண், பிள்ளையே நம்பிச் சொன்ன விஷயம்.

படம் பற்றித் தனியாக எழுதவேண்டும். தன்னார்வலர் தன் போனில் பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது. அமைப்பின் போனில் எடுத்தாலும் பெற்றோர் எழுதிக்கொடுத்த சம்மதம் இல்லாமல் எங்கும் போடக்கூடாது. 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தாய் படியேறி வந்து கேட்டது சட்டத்தைப் படித்துவிட்டல்ல.

ரகசியத்துக்கு ஒரு விதிவிலக்கு கண்டிப்பாக வேண்டும். இதை விட்டுவிட்ட ஒப்பந்தம், ஒப்பந்தமே இல்லாததைவிட ஆபத்தானது. ஒரு பிள்ளை தன்னார்வலரிடம் வந்து, "யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணா" என்று தொடங்கி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதைச் சொல்கிறது. தன்னார்வலர் கையெழுத்திட்ட தாளில் 'பிள்ளைகள் சொன்னதை வெளியே சொல்லமாட்டேன்' என்று இருக்கிறது. நாணயமான மனிதர் என்றால் அந்த வரிக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொள்வார்.

போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு அதற்கு இடம் தரவில்லை. குற்றம் நடந்திருக்கிறது என்று அறிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர் காவல் நிலையத்திலோ தகவல் தரவேண்டும். தராவிட்டால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர், தன்கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒரு குற்றத்தைக் காவல்துறையிடம் சொல்லாதே என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதினாலும் அந்த வரி செல்லாது. ஆனால் செல்லாத வரி என்பது கையெழுத்துப் போட்ட பத்தொன்பது வயது மாணவருக்குத் தெரியாது.

ஆகவே அந்தப் பத்தி இப்படி முடியவேண்டும்: 'ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ ரகசியம் பொருந்தாது. அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்வேன். அவர் நடவடிக்கை எடுக்காவிட்டாலோ, குறை அமைப்புக்குள் இருப்பவர்மீதே என்றாலோ, நானே காவல் நிலையத்துக்கோ 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ தகவல் தருவேன். இதற்காக அமைப்பு என்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்காது.' பிள்ளைகளுக்கும் முதலிலேயே உண்மையைச் சொல்லிவைக்கவேண்டும்: யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்கை எந்த அண்ணாவும் அக்காவும் தரமாட்டார்கள், உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வார்கள்.

இனிப் பிரிவு. தன்னார்வலர் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. இதைத் தயங்காமல் எழுதவேண்டும். 'முடிந்தால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள்' என்பது வேண்டுகோளாக இருக்கலாம், நிபந்தனையாகக் கூடாது. வழியனுப்பும் முறை இல்லாத இடங்களில் மாணவர்கள் சங்கடத்தில் போனை எடுக்காமல் மறைந்துவிடுகிறார்கள். கணக்கு அண்ணா ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பரீட்சை வந்துவிட்டது, இந்த வியாழனோடு நிற்கிறேன் என்று சொல்வது தவறல்ல என்று தாளிலேயே இருந்தால் அந்தச் சங்கடம் குறையும். பிள்ளைகளிடம் விடைபெறவும் ஒரு வகுப்பு கிடைக்கும்.

அமைப்பு நிறுத்த விரும்பும்போது கொஞ்சம் கூடுதல் முறை வேண்டும். ஸ்டேட்டஸ் படம் போட்டவரையே எடுத்துக்கொள்வோம். ஒருங்கிணைப்பாளர் அன்றே போனில் படத்தை நீக்கச் சொல்கிறார். இரண்டு நாளுக்குள் நேரில் உட்காரவைத்துப் பேசுகிறார்: எந்த விதி, என்ன பாதிப்பு, அவர் தரப்பு என்ன. பேசியதை நான்கு வரியில் எழுதித் தேதி போட்டு இருவரும் கையெழுத்திடுகிறார்கள். தன்னார்வலர் அந்தத் தாயிடம் நேரில் வருத்தம் தெரிவிக்கிறார். மீண்டும் அதே தவறு நடந்தால் வரவேண்டாம் என்று சொல்லப்படும், அதைச் சொல்வதற்கு முன் அறங்காவலர் ஒருவர் அவர் பேச்சைக் கேட்பார். குறை சொன்னவரே தீர்ப்பும் சொல்லாமல் இருக்க இந்த ஒரு படி போதும். மூன்று அறங்காவலர்கள் உள்ள அமைப்பிலும் இது முடியும்.

எல்லாவற்றுக்கும் இப்படிப் பொறுக்க முடியாது. பிள்ளையை அடித்ததாகவோ அதைவிட மோசமாகவோ புகார் வந்தால் அந்த நிமிடமே அவர் கூடத்துக்கு வருவதை நிறுத்திவைக்கவேண்டும். நிறுத்திவைப்பது தண்டனையல்ல, உண்மை தெரியும்வரை பிள்ளைகளிடமிருந்து விலகியிருப்பது என்று தாளில் சொல்லியிருக்கவேண்டும். போக்சோவின்கீழ் வரும் புகாரை அமைப்பே 'விசாரித்து' முடிக்கக்கூடாது. நேராகக் காவல்துறைக்குப் போகவேண்டும். 'நம்ம பெயர் கெட்டுப்போகும், அமைதியா அனுப்பிடலாம்' என்ற பேச்சு இந்த இடத்தில் வரும். அப்படி அமைதியாக அனுப்பப்பட்டவர் அடுத்த ஊரில் இன்னொரு மாடிக்கூடத்தின் படியில் ஏறுவார்.

பிரியும் நாளில் ஒப்படைக்கவேண்டியவற்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கூடத்தின் சாவி, அடையாள அட்டை, வருகைப் பதிவேடு. பிறகு போனில் இருப்பவை: பெற்றோர் எண்கள், கூகுள் டிரைவில் உள்ள மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் அனுமதி, வாட்ஸ்அப் குழு. நின்று இரண்டாண்டு ஆனவர் இன்னமும் பெற்றோர் குழுவில் இருப்பது சாதாரணமாக நடக்கிறது. ஒருங்கிணைப்பாளரும் தன்னார்வலரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினால் பத்து நிமிட வேலை. ரகசியக் காப்பு மட்டும் அன்றோடு முடிவதில்லை, பிரிந்த பிறகும் தொடரும் என்று எழுதியிருக்கவேண்டும்.

தாளைத் தமிழில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, கையெழுத்துக்கு முன் வாய்விட்டுப் படிக்கவேண்டும். ஒரு பிரதி தன்னார்வலர் கையில். 18 வயது நிரம்பாத மாணவர் என்றால் பெற்றோரும் கையெழுத்திடவேண்டும். பிரியும்போது தரும் சான்றிதழில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த வகுப்புக்கு, வாரம் எத்தனை மணிநேரம் என்று இருந்தால் வேலைக்கு நேர்காணல் செல்லும் இளைஞருக்கு அது உதவும். 'சிறப்பாகச் சேவையாற்றினார்' என்ற வரி அதற்குத் தகுதியானவருக்கு மட்டும். நிறுத்தப்பட்டவருக்கு வந்த தேதியும் நின்ற தேதியும் மட்டும் எழுதிக் கொடுக்கலாம்; வேறொரு அமைப்பு போன் செய்து கேட்டால் என்ன சொல்வது, யார் சொல்வது என்பதையும் அறங்காவலர்கள் அன்றே முடிவுசெய்து அந்த நான்கு வரிக் குறிப்போடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும்.